90 நாள் விற்காத சரக்கு: அந்தப் பட்டியல் எந்தத் தேதியை வைத்து எண்ணுகிறது?

கிடங்கு மேற்பார்வையாளராகப் பொறுப்பேற்ற முதல் மாதக் கடைசியில் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் எக்செல் கோப்பு வந்தது. "90 நாள் விற்காத சரக்கு" என்று தலைப்பு. குழாய், வால்வு, இணைப்பு, வடிகட்டி என்று 312 கோடுகள், அதாவது 312 சரக்குக் குறியீடுகள். கூடவே இரண்டு வரி உத்தரவு: இவற்றைத் தனியாக ஒரு மூலையில் அடுக்குங்கள், சப்ளையர் திருப்பி எடுப்பவற்றை அனுப்பிவிடுங்கள், மீதியைத் தள்ளுபடி விலைக்குத் தள்ளுங்கள். எனக்கு முன்னால் இருந்தவர் வேலையை விட்டுப் போயிருந்தார். கணினிப் பிரிவு வேறு ஊரில். அந்தப் பட்டியல் எப்படித் தயாராகிறது என்று கேட்க எனக்கு ஆளே இல்லை. கேட்டாலும் "சிஸ்டம் தருகிறது" என்ற பதில்தான் வந்தது.

சொன்னபடி செய்தோம். சுமை தூக்கும் ஆட்கள் ஒரு வாரம் வேறு வேலை பார்க்கவில்லை. முன் ரேக்குகளில் இருந்தவற்றை இறக்கிப் பின் மூலைக்குக் கொண்டுபோய், புது இடத்தைச் சிஸ்டத்தில் பதிந்து, ஓரளவு ஒழுங்கானபோது எனக்கே ஒரு திருப்தி இருந்தது. முக்கால் அங்குலப் பந்து வால்வில் 200 எண்ணிக்கையைச் சப்ளையருக்குத் திருப்பி அனுப்பினோம். அவர்கள் மதிப்பில் 15 சதவீதம் பிடித்துக்கொண்டு மீதிக்கு கிரெடிட் நோட் போட்டார்கள். போக்குவரத்துச் செலவு நம்முடையது. அடுத்த மாதம் பாதிகூடத் தாண்டவில்லை, இரண்டு கிளைகளிலிருந்து அதே வால்வு கேட்டு அடுத்தடுத்து போன். கையிருப்பு வெறும் 12. அவசரமாக அதே சப்ளையரிடம் அதே வால்வை முழு விலைக்கு வாங்கி, மறுபடியும் வண்டி வாடகை கொடுத்து இறக்கினோம். நாம் திருப்பி அனுப்பிய பெட்டிகளே திரும்பி வந்ததோ என்னவோ! கிளை மேலாளர் போனில், "மாசாமாசம் போற சாமானை எப்படி சார் திருப்பி அனுப்புனீங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பட்டியலில் அது 118 நாளாக விற்கவில்லை என்று எழுதியிருந்தது. கோபம் யார் மேல் என்றுகூடத் தெரியாத ஒரு கோபம் வந்தது.

அன்று மாலை அந்த ஒரே ஒரு கோடுக்கு ஸ்டாக் லெட்ஜரை எடுத்துப் பார்த்தேன். இந்தப் பட்டியலைக் கையில் வாங்கும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: ஒரு மூட்டையையும் நகர்த்துவதற்கு முன், உங்களுக்கு நன்றாகப் பழக்கமான, ஓடுகிற சரக்கு ஒன்று பட்டியலில் இருந்தால் அதன் லெட்ஜரை மட்டும் வரிவரியாகப் படியுங்கள். பட்டியல் எதை எண்ணுகிறது, எதை விடுகிறது என்பது அதில் தெரிந்துவிடும். என் வால்வின் லெட்ஜர் இப்படி இருந்தது. மார்ச் 4 அன்று ஒரு வாடிக்கையாளருக்கு நேரடி இன்வாய்ஸ், 24 எண்ணிக்கை. அதன் பிறகு இன்வாய்ஸே இல்லை. ஆனால் ஏப்ரல் 9 அன்று ஒரு கிளைக்கு டிரான்ஸ்ஃபர் 60, ஏப்ரல் 28 அன்று இன்னொரு கிளைக்கு 60, மே 5 அன்று சப்ளையரிடமிருந்து 300 வரவு, மே 17 அன்று டிரான்ஸ்ஃபர் 80, ஜூன் 11 அன்று 60. பட்டியல் தேதியான ஜூன் 30 அன்று கையிருப்பு 212.

சிஸ்டம் கடைசி இன்வாய்ஸ் தேதியை மட்டும் பார்த்திருக்கிறது. மார்ச் 4 முதல் ஜூன் 30 வரை 118 நாள், அதனால் பட்டியலில் ஏற்றிவிட்டது. எங்கள் கிடங்கிலிருந்து சரக்கில் பெரும்பகுதி கிளைகளுக்கு டிரான்ஸ்ஃபராகத்தான் போகிறது. பில் போடுவது கிளையில். ஆக, கிடங்கின் கணக்கில் அது "விற்பனை" ஆவதே இல்லை. 90 நாளில் 260 வெளியே போயிருக்கிறது. அந்த வேகத்தில் 212 என்பது 73 நாளுக்கான இருப்பு, அவ்வளவுதான். இதைத் தேங்கிய சரக்கு என்று எந்தக் கணக்கிலும் சொல்ல முடியாது.

இதைத் தாளில் எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். உடனே திருத்தினார்கள். திருத்தம் என்ன என்பதை மட்டும் என்னிடம் சொல்லவில்லை. அடுத்த மாதப் பட்டியல் வந்தது, 312 இருந்த இடத்தில் 41 கோடுகள். "நல்ல முன்னேற்றம்" என்று பாராட்டும் சேர்ந்து வந்தது. பின் மூலையைப் போய்ப் பார்த்தேன். அடுக்கி வைத்ததில் முக்கால்வாசிக்கு மேல் அப்படியே தூசியோடு நிற்கிறது. என்ன நடந்ததென்றால், கடைசி இன்வாய்ஸ் தேதிக்குப் பதிலாகக் கடைசி அசைவுத் தேதியை எடுக்கும்படி மாற்றியிருக்கிறார்கள். ஒரு ரேக்கிலிருந்து இன்னொரு ரேக்குக்கு மாற்றியதும் சிஸ்டத்துக்கு ஓர் அசைவுதான். நாங்கள் மூலைக்குக் கொண்டுபோன நாளில் அத்தனை சரக்கும் "அசைந்துவிட்டது". தேங்கியது என்று ஒதுக்கி வைத்த செயலே அதைத் தேங்காத சரக்காக ஆக்கிவிட்டது! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பாராட்டுக்கு நன்றி சொல்லிப் பதில் எழுதவும் கை வரவில்லை.

ஆகவே "90 நாள்" என்று யார் சொன்னாலும், எந்தத் தேதியிலிருந்து 90 நாள் என்று கேளுங்கள். "கடைசி விற்பனை", "கடைசி அசைவு" என்று பொதுவாகச் சொன்னால் ஏற்காதீர்கள். எந்தெந்த வகைப் பதிவுகள் எண்ணப்படுகின்றன என்று பெயர் பெயராகக் கேளுங்கள். நான் கடைசியில் எழுதிக் கொடுத்தது இதுதான்: வாடிக்கையாளருக்கான இன்வாய்ஸும், கிளைக்குப் போகும் டிரான்ஸ்ஃபரும் எண்ணப்பட வேண்டும். ரேக் மாற்றம், சப்ளையரிடமிருந்து வரவு, வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்தது, இருப்பு எண்ணும்போது போடும் கூட்டல் கழித்தல், சேதம் என்று கழித்தது, இவை எதுவும் எண்ணப்படக் கூடாது. வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்ததைக் குறிப்பாகச் சொல்கிறேன். ஒரு சாமான் திரும்பி வருகிறது என்றால் அது போகவில்லை என்று பொருள். சில சிஸ்டங்களில் அதுவே அந்தக் கோடுக்கு இன்றைய தேதியைக் கொடுத்து, இன்னொரு 90 நாளுக்குப் பட்டியலில் வராமல் காப்பாற்றிவிடும்.

டிரான்ஸ்ஃபரை எண்ணுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. கிளைக்கு அனுப்பிவிட்டால் கிடங்கின் பட்டியலிலிருந்து சரக்கு போய்விடும், ஆனால் அது கிளையின் பின்னறையில் அதே தூசியோடு உட்கார்ந்திருக்கலாம். எங்களிடம் ஒரு வகை முழங்கை இணைப்பு அப்படி மூன்று கிளைகளிலும் சும்மா கிடந்தது. கிடங்குக் கணக்கில் அது நன்றாக ஓடும் சரக்கு. அதனால் இரண்டு எண்களையும் பக்கத்துப் பக்கத்துப் பத்திகளில் கேட்டு வாங்கினேன்: கிடங்கிலிருந்து கடைசியாக வெளியே போன தேதி, எல்லாக் கிளைகளும் சேர்ந்து கடைசியாக வாடிக்கையாளருக்கு விற்ற தேதி. முதலாவது எனக்கு, எந்த ரேக்கைக் காலி செய்யலாம் என்று பார்க்க. இரண்டாவது கொள்முதல் பார்ப்பவருக்கு, இனி வாங்கலாமா என்று முடிவு செய்ய. ஒரே எண்ணை வைத்து இரண்டு பேரும் முடிவெடுத்தால் யாராவது ஒருவர் தவறாகத்தான் எடுப்பார்.

அடுத்த தலைவலி, புதிதாக வந்த சரக்கு. ஒரு வடிகட்டி மார்ச் 2 அன்று கடைசியாக விற்று, இருப்பு பூஜ்யமாகி, மூன்று மாதத்துக்கு மேல் சப்ளையரிடம் கிடைக்கவே இல்லை. ஜூன் 19 அன்றுதான் வந்து இறங்கியது. ஜூன் 30 பட்டியலில் அது "120 நாள் விற்கவில்லை". இல்லாத சரக்கை எப்படி விற்பது? ஒரு முறைகூட விற்காத புத்தம் புதுக் கோடுகள் இன்னும் மோசம். விற்பனைத் தேதி காலியாக இருப்பதால் சில அறிக்கைகள் அவற்றை எல்லாவற்றுக்கும் மேலே கொண்டுபோய் நிறுத்திவிடும். இதற்கு நான் செய்தது எளிது. கடைசியாக வெளியே போன தேதியோடு இன்னொரு தேதியையும் கேட்டேன்: அந்தக் கோடின் இருப்பு கடைசியாகப் பூஜ்யத்திலிருந்து ஏறிய தேதி. இரண்டில் எது பிந்தையதோ அதிலிருந்து நாளை எண்ண வேண்டும். C பத்தியில் இருப்பு ஏறிய தேதி, D பத்தியில் கடைசியாக வெளியே போன தேதி, H1 கட்டத்தில் பட்டியல் தேதி என்று வைத்துக்கொண்டால் சூத்திரம் இவ்வளவுதான்:

```
=$H$1-MAX(C2,D2)
```

வடிகட்டிக்கு இது 11 என்று காட்டும். D காலியாக இருந்தாலும் பிரச்சினை இல்லை, MAX காலிக் கட்டத்தைக் கண்டுகொள்ளாது. H1-இல் `TODAY()` போடாமல் தேதியைக் கையால் எழுதுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் ஒன்றாம் தேதி அனுப்பிய கோப்பை மேலாளர் பத்தாம் தேதி திறக்கும்போது எண்கள் மாறியிருக்கும், புதிதாகச் சில கோடுகள் 90-ஐத் தாண்டியிருக்கும், நீங்கள் ஒன்று சொல்ல அவர் ஒன்று சொல்ல, பேச்சு எங்கோ போய்விடும். பூஜ்யம் என்பதையும் அப்படியே பிடித்துக்கொள்ளாதீர்கள். விற்க முடியாத ஒரே ஒரு உடைந்த சாமான் கணக்கில் தொங்கிக்கொண்டிருந்தால் இருப்பு பூஜ்யத்துக்கு வந்ததாகவே சிஸ்டம் நினைக்காது. அப்படிப்பட்டவற்றை முதலில் சேதக் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும்.

இந்தச் சூத்திரம் என்னை ஒரு மாதம் ஏமாற்றியும் இருக்கிறது; காரணம் தேதி வடிவம். சிஸ்டம் நாள்-மாதம் வரிசையில் தேதியை எழுதித் தருகிறது, கோப்பைத் திறந்த கணினியோ மாதம்-நாள் வரிசையில் அமைக்கப்பட்டிருந்தது. அப்போது 05/04 என்பது மே 4 ஆகிவிடும். 17/05 தேதியாகவே ஏற்கப்படாமல் வெறும் எழுத்தாக நின்றுவிடும். எழுத்தாக நிற்பதையும் MAX சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும் என்பதுதான் ஆபத்து. இரண்டு தேதியும் எழுத்தாக இருந்தால் நாற்பத்தைந்தாயிரம் நாள் என்று அபத்தமான விடை வரும், உடனே பிடித்துவிடலாம். வெளியே போன தேதி மட்டும் எழுத்தாக இருந்தால் பார்க்க நம்பும்படியான ஒரு தப்பு எண் வரும், யாருக்கும் தெரியாது. அதனால் ஒரு வெற்றுப் பத்தியில் `=ISTEXT(D2)` என்று போட்டு இழுத்துவிட்டு, TRUE என்று ஒன்றாவது வருகிறதா என்று பார்த்த பிறகுதான் இப்போது மேலே போகிறேன். TRUE வந்தால் அந்த ஒரு வரியைத் திருத்தி விட்டுவிடக் கூடாது. மற்ற வரிகளில் நாளும் மாதமும் இடம் மாறியிருக்க வாய்ப்பு உண்டு. கோப்பையே சரியான வரிசையில் மறுபடி எடுக்க வேண்டும்.

இவ்வளவும் சரியான பிறகு பட்டியலில் 126 கோடுகள் நின்றன. ஆனால் கிடங்கில் எனக்கு உண்மையிலேயே உறுத்திய ஒரு சரக்கு அதில் இல்லை. பழைய அளவுப் பித்தளை இணைப்பு ஒன்று, 840 எண்ணிக்கை, ஒரு முழு ரேக்கை அடைத்துக்கொண்டு நின்றது. தேடினால், மே மாதத்தில் யாரோ 2 வாங்கியிருக்கிறார்கள். அந்த இரண்டுக்காக 840-ம் பட்டியலிலிருந்து தப்பிவிட்டது. 90 நாளைக்கு 2 என்றால் 840 தீர நூறு ஆண்டுக்கு மேல் ஆகும்! விற்றதா விற்கவில்லையா என்று மட்டும் கேட்கும் பட்டியல் அடியோடு நின்றுபோன சரக்கைத்தான் காட்டும். மெதுவாக ஊர்ந்துகொண்டு பெரிய இடத்தையும் பெரிய பணத்தையும் பிடித்து வைத்திருப்பதைக் காட்டாது. என்னைக் கேட்டால் நஷ்டம் இரண்டாவதில்தான் அதிகம். அதனால் இன்னொரு பத்தி சேர்த்தேன். 90 நாளில் ஒன்றாவது வெளியே போன கோடுகளுக்கு, கையிருப்பை அப்படி வெளியே போன எண்ணிக்கையால் வகுத்து 90-ஆல் பெருக்கினால், இன்றைய வேகத்தில் எத்தனை நாளுக்கு இருப்பு என்று வரும். வால்வுக்கு 73. பித்தளை இணைப்புக்கு 37,800. அந்தப் பத்தியைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கிப் பாருங்கள், கூட்டத்தில் யாரும் வாதாட மாட்டார்கள். பருவத்தில் மட்டும் ஓடும் சரக்குக்கு இந்த எண் பொய் சொல்லும். அவற்றுக்குப் போன ஆண்டு அடுத்த மூன்று மாதத்தில் எவ்வளவு போனது என்று பார்த்தால் போதும்.

இனி, கணினியை மூடிவிட்டு நடக்க வேண்டிய பகுதி. எனக்கு யாரும் சொல்லாததும் இதுதான். பட்டியலைத் தாளில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ரேக்காகப் போனேன். ஒரு 20 மில்லிமீட்டர் இணைப்பு, கணக்கில் 46, ஐந்து மாதமாக அசையவில்லை. போய்ப் பார்த்தால் அந்தத் தட்டில் ஒன்றுமே இல்லை. சரக்கு எடுக்கும் பையனிடம் கேட்டேன். "அது இல்லீங்க சார், ஆர்டர் வந்தா இல்லைன்னு போட்டுருவோம்" என்றான். அவன் இல்லை என்று போட, விற்பனையாள் வேறு கம்பெனி இணைப்பைக் கொடுத்துச் சமாளித்திருக்கிறார். சிஸ்டத்தில் 46 இருப்பதால் கொள்முதல்காரர் புதிதாக வாங்கவும் இல்லை. ஆக, கேட்க ஆள் இருந்தும், சரக்கு இல்லாததால் விற்கவில்லை. அந்த 46-ம் கடைசியில் இரண்டு தட்டு தள்ளி 25 மில்லிமீட்டர் இணைப்போடு கலந்து கிடந்தது. பெட்டியும் லேபிளும் இரண்டுக்கும் ஒரே நிறம். இதே மாதிரி இன்னும் சில கோடுகள் பிடிபட்டன. சிலவற்றில் சரக்கு நிஜமாகவே காணோம், சிலவற்றில் பெட்டி நனைந்து விற்க முடியாத நிலை.

அதனால் இப்போது பட்டியல் வந்ததும் நான் முதலில் செய்வது, அதை இருப்பு எண்ணும் பட்டியலாக நடத்துவதுதான். தட்டில் இருக்கிறதா, கணக்கோடு பொருந்துகிறதா, விற்கும் நிலையில் இருக்கிறதா, இந்த மூன்றையும் பார்த்துக் குறித்த பிறகே மற்ற பேச்சு. 126 கோடுகளையும் ஒரே மூச்சில் பார்க்க முடியாது. மதிப்பு அதிகமானதை முதலில் எடுங்கள். ஒரு சின்ன யோசனை: எண்ணப் போகிறவருக்குக் கொடுக்கும் தாளில் கணக்கு இருப்பை அச்சிடாதீர்கள். 46 என்று போட்டிருந்தால் பாதிப் பேர் எட்டிப் பார்த்துவிட்டு 46 என்றே எழுதித் தருவார்கள். சரக்கை மூலைக்கு மாற்றும் வேலையையும் இதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். எண்ணாமல் மாற்றினால் பழைய தட்டின் குழப்பம் புதுத் தட்டுக்கும் வந்துவிடும்.

பட்டியல் சரியான பிறகு கணக்குப் பிரிவிலிருந்து ஒரு கோரிக்கை வரும்: இவற்றின் மதிப்பை எவ்வளவு குறைக்கலாம் என்று கையெழுத்துப் போட்டுத் தாருங்கள் என்பார்கள். நான் போடுவதில்லை. வாங்கிய செலவு, செலவுகள் போக விற்றுக் கிடைக்கக்கூடிய தொகை, இரண்டில் குறைவானதில் சரக்கை மதிப்பிட வேண்டும் என்பது பன்னாட்டுக் கணக்கியல் தரம் ஐஏஎஸ் 2-இன் விதி. விற்றால் என்ன கிடைக்கும் என்பது எனக்குத் தெரியாது, விற்பனைப் பிரிவுக்குத் தெரியும். 90 நாள் என்ற எல்லையும் அந்தத் தரத்தில் இல்லை, நிறுவனம் தானாக வைத்துக்கொண்டது. எண்ணிக்கை, நிலைமை, இடம், இந்த மூன்றுக்கு மட்டும் கையெழுத்துப் போடுகிறேன். ஒவ்வொரு கோடுக்கும் எதிரே காரணம் என்ற பத்தியில் ஒரு சொல் எழுதுகிறேன்: பழைய மாடல், பருவம், தட்டில் இல்லை, சேதம், ஆர்டருக்கு ஒதுக்கியது. அந்த ஒரு சொல் வந்த பிறகு உத்தரவுகள் மாறிவிட்டன. எல்லாவற்றையும் திருப்பி அனுப்பு என்று இப்போது யாரும் எழுதுவதில்லை. பழைய மாடலை மட்டும் தள்ளுபடியில் போடுகிறார்கள், ஒதுக்கியதைப் பற்றி விற்பனையாளிடம் வாடிக்கையாளர் எப்போது எடுப்பார் என்று கேட்கிறார்கள்.

செட்டாக விற்கும் சாமான்களுக்கு மட்டும் இன்னும் சரியான வழி கிடைக்கவில்லை. பில்லில் செட்டின் கோடு மட்டும் வருகிறது, உள்ளே போகும் வாஷரும் திருகும் மாத இறுதிச் சரிக்கட்டலில்தான் கழிகின்றன. சரிக்கட்டலை எண்ணக் கூடாது என்று நானே எழுதிக் கொடுத்திருப்பதால் அவை மாதாமாதம் பட்டியலில் வந்து நிற்கின்றன. பில் போடும்போதே உதிரிகளாகப் பிரித்துக் கழிக்கும்படி கணினிப் பிரிவிடம் கேட்டிருக்கிறேன். அதுவரை அந்தக் கோடுகளுக்கு எதிரே கையால் "செட்" என்று எழுதி அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.